மாதக் கடைசி விலை

மச்சானும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து நடத்திய கடை அது. எரிந்துபோன, தண்ணீரில் விழுந்த ஹார்ட் டிஸ்குகளிலிருந்து தகவலை மீட்டுத் தருவார்கள். வேலை தெரிந்தவர் மாப்பிள்ளை. பேசத் தெரிந்தவர் மச்சான். கணக்கெழுதத் தெரிந்தவன் என்று ஆடிட்டரான என்னை வைத்திருந்தார்கள்.

ஒரு சரக்குக் கம்பெனிக்குப் பத்து வருட ரெக்கார்டை மீட்டுக் கொடுத்தார்கள். கூலி பத்து லட்சம். கம்பெனிக்காரன் பணத்துக்குப் பதில் கிரிப்டோ தருவதாகச் சொன்னான். நாலு காயின். அன்றைய சந்தை விலை ஒன்று இரண்டரை லட்சம்.

"வந்த அன்னைக்கே வித்துரலாம்" என்று மாப்பிள்ளை சொன்னார்.

"மேலே ஏறுற குதிரையிலேருந்து யாராவது பாதி வழியில இறங்குவாங்களா மாப்ளே? சும்மா இருங்க" என்றார் மச்சான்.

குதிரையைப் பற்றி எனக்குத் தெரியாது. வந்த நாள் விலையில் பத்து லட்சம் வருமானம் என்றும், எதிரே பத்து லட்சம் சொத்து என்றும் எழுதினேன். வருமான வரியும் அந்தப் பத்துக்குத்தான். இனி விலை விழுந்தால் அது கம்பெனிக்காரன் வைத்த பாக்கி இல்லை. அவன் முழுசாகக் கொடுத்துவிட்டான். கையில் வைத்துக்கொண்டிருந்தவர்களின் நஷ்டம் அது.

விலை விழ ஆரம்பித்தது. அந்த மாதம் மூன்றாம் தேதி மாப்பிள்ளை வேலை மேசையிலேயே சாய்ந்தார். எழுப்ப முடியவில்லை.

கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஒருவர் இறந்தால், அந்த மாதக் கடைசி நாள் கணக்குப்படி அவர் பங்கைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். கடைசி நாளன்று ஒரு காயின் எழுபதாயிரம். நாலும் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பதாயிரம். ஏழு லட்சத்து இருபதாயிரத்தை நஷ்டமாகக் குறைத்தெழுதினேன். மற்ற சொத்து கடனுக்குச் சரியாகப் போனது. பிரிக்க மிஞ்சியது அந்தக் காயின்தான்.

மச்சானும், மாப்பிள்ளையின் மனைவியான அவர் தங்கையும், அண்ணனும் தங்கையுமாக என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தங்கை கையில் வங்கியின் கடிதம். வீட்டுக் கடன் பாக்கி ஐந்து லட்சம், மூன்று மாதம் கெடு.

"பத்து லட்சம்னு அவரே சொன்னாரே அண்ணா. பாதி அஞ்சு வரும், வீடு தப்பிச்சிரும்னு இருந்தேன்."

"நானா விலையைக் குறைச்சேன்? ஆடிட்டரைக் கேளு."

"கணக்கு சரிதாம்மா" என்றேன்.

சரிதான். விரல் வைக்க இடமில்லாத கணக்கு. ஆனால் நான் வியாபாரிகள் வீட்டில் பிறந்தவன். என் அப்பாவும் சித்தப்பாவும் கடையைப் பிரித்தபோது, துணி விலை பாதாளத்தில் கிடந்தது. அப்பா விலை பேசவே இல்லை. "பாதி பேல் உனக்கு, பாதி எனக்கு. விலை வரும்போது வித்துக்கோ" என்று சரக்கையே பிரித்தார். அந்த நாலு காயினில் இரண்டை அவள் பேருக்கு அனுப்ப அரைமணி நேரம் போதும். ரெண்டு பேரும் ஒப்புக்கொண்டால் ஒப்பந்தமும் தடுக்காது. இது வாய் நுனிவரை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் வருஷா வருஷம் எனக்கு வேலை தருகிறவர். விழுங்கிவிட்டேன்.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அவள் பங்கு. என் ஃபீஸ் பதினைந்தாயிரத்தில் பாதியைக் கழித்து, ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. இனி பாக்கி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள்.

கெடு முடிந்தது. வங்கி வீட்டை ஏலத்தில் விற்றது. ஏலம் முடிந்த ஆறாவது வாரம் காயின் ஒன்று மூன்று லட்சத்தைத் தொட்டது. அண்ணன் நாலையும் விற்றார். பன்னிரண்டு லட்சம். கணக்கில் எழுதியிருந்த மதிப்பு போக ஒன்பது லட்சத்து இருபதாயிரம் லாபம். அது இந்த வருட லாபம், இந்த வருடக் கூட்டாளியின் லாபம். கூட்டாளி ஒருவர்தான்.

"பார்த்தீங்களா, இறங்காம இருந்தேன்ல" என்று சிரித்தார்.

தங்கை அடுத்த வாரம் தனியாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். காசாக் கொடுக்காம, அந்தக் காயின்லேயே பாதியைப் பிரிச்சுக் கொடுத்திருக்க முடியுமா?"

பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். அன்றைக்கு வரவில்லை.

"முடியும்மா."

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கைப்பையிலிருந்து அந்தக் கணக்குத் தாளை எடுத்து, மடிப்பு நீவி, ஒரு வரியில் விரல் வைத்தாள்.

"இதுல உங்க ஃபீஸ் பாதி என் பங்குல கழிச்சிருக்கே."

"ஆமா."

"அப்போ நானும்தானே உங்களுக்கு வேலை கொடுத்தேன்?"

மேசையைத் திறந்து ஏழாயிரத்து ஐந்நூறை எண்ணி நீட்டினேன். அவள் தாளை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.