கிரிகரியின் பெரிய எழுத்துகள்

கிரிகரிக்குக் கோபமே வராது என்று கிள்ளான் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் வரவேண்டிய லோரி மத்தியானம் வந்து நின்றாலும், டிரைவரைப் பார்த்து, "சரி லா, முதல்ல டீ குடிச்சிட்டு வா" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பயந்து ஒரு பெண் வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டாள் என்றால் கேட்கிறவர்கள் நம்புவார்களா?

போனில் விஷயத்தைச் சொன்னவர் முதலாளி ராஜன்.

அவர்களுடையது சரக்குகளைக் கப்பலேற்றி அனுப்பும் சின்னக் கம்பெனி. கிள்ளான் ஆபீசில் இருந்துகொண்டு கண்டெய்னர்களைத் துறைமுகத்துக்குள் அனுப்புவது கிரிகரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் வாடிக்கையாளர்களோடு பேசி, அதற்கான ஆவணங்களைத் தயார் செய்வது செரீனா. இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது கம்பெனியின் தீபாவளி விருந்தில், அதுவும் பிரியாணி வரிசையில். மற்றபடி எல்லாம் ஈமெயில்தான்.

"அந்தப் பொண்ண நான் ஒரு வார்த்தை அதட்டினதில்ல பாஸ்," என்றார் கிரிகரி.

"அதட்டல அண்ணே. கத்தியிருக்கீங்க. உங்க மெயில் எல்லாமே கேப்பிட்டல் லெட்டர்ல இருக்கு. திறந்தா யாரோ காதுல கத்துற மாதிரி இருக்குதாம். போன மாசமே சொன்னேன்ல, கொஞ்சம் சாஃப்டா எழுதுங்க, ப்ளீஸ் போடுங்கன்னு?"

"போட்டேனே பாஸ்! ஒரு மெயில் விடாம போட்டேன்!"

"போட்டீங்க, போட்டீங்க," என்று ராஜன் பெருமூச்சு விட்டார். "அவ போயிட்டா எனக்கு ஒரு கை போன மாதிரிண்ணே. நீங்களே ஏதாவது பண்ணுங்க."

கிரிகரி ஆடிப்போனார். கத்தினேனா? நானா?

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இருபது வயதில் அவர் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது செய்தியெல்லாம் டெலக்ஸ் மெஷினில்தான் போகும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமெல்லாம் அந்த மெஷினுக்குக் கிடையாது. வந்து விழுந்த காகிதத்தில் எல்லாமே பெரிய எழுத்துதான். மெஷின் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் ஈமெயில் வந்தது, கப்பல்காரர்களின் கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் துறைமுகத்து ஆட்களில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஒருத்தரும் ஒருத்தர்மேல் கோபப்படுவதில்லை. பெரிய எழுத்து என்றால் தெளிவு, அவ்வளவுதான். கத்தல் என்று அவருக்கு யார் வந்து சொன்னார்கள், பாவம்!

வீட்டுக்குப் போனதும் மனைவி டோரிஸிடம் போனை நீட்டினார். டோரிஸ் தேவாலய அலுவலகத்தில் அறிவிப்புகள் எழுதுகிறவள்.

"நீயே பாரு. இதுல என்ன தப்பு? எவ்ளோ மரியாதையா எழுதியிருக்கேன்!"

டோரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். வரிக்கு வரி PLEASE இருந்தது. தான் மரியாதையாகக் கேட்பது யார் கண்ணுக்கும் தப்பிவிடக் கூடாதே என்று, அந்த ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்கி, கீழே கோடும் இழுத்திருந்தார் மனுஷன்.

"நான் படிக்கிறேன், கேளுங்க," என்று டோரிஸ் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். தடித்த சொல் வந்ததும் பல்லைக் கடித்து அழுத்தினாள். "ப்ளீஸ்ஸ்! பேப்பரை இன்னிக்கே அனுப்பு. ப்ளீஸ்ஸ்! வெயிட்டை சரி பாரு." கோடு இருந்த இடத்திலெல்லாம் மேசையை ஒரு தட்டு தட்டினாள்.

கிரிகரிக்குச் சுருக்கென்றது. "நான் அப்படியா சொன்னேன்?"

"கண்ணு அப்படித்தாங்க படிக்கும். பத்து தடவ கேட்டும் செய்யாத ஆளுகிட்ட பதினோராவது தடவ கேக்குற மாதிரி இருக்கு. நீங்க சும்மா 'டோரிஸ்'னு கூப்பிட்டா வருவேன். 'டோரிஸ்!'னு அழுத்திக் கூப்பிட்டா, ஐயோ நான் என்ன பண்ணேன்னு நினைக்க மாட்டேனா?"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளையை இப்படிப் பதற வைத்திருக்கிறோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் எழுத உட்கார்ந்தார். எந்த எழுத்தைத் தொட்டாலும் பயமாக இருந்தது. மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கிள்ளானில் ரயில் ஏறினார்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து, புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆபீசுக்குள் நுழைந்தார். அவரைப் பார்த்ததும் செரீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அவருக்கு மறந்துபோயிற்று.

"உக்காரும்மா. நான் சண்டைக்கு வரல. அந்த ப்ளீஸ்... அது நான் மரியாதைக்குப் போட்டதும்மா. கோடு, போல்ட் எல்லாமே மரியாதைன்னு நினைச்சேன். கேப்பிட்டல் எங்க போர்ட்டுப் பழக்கம். சத்தியமா உன் மேல கோபமே இல்ல."

செரீனா உட்கார்ந்தாள். "ப்ளீஸைக்கூடத் தாங்கிக்கிட்டேன் அங்கிள். என்னால தாங்க முடியாதது இதுதான்," என்று கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

போன மாதத்து மெயில். ஒரு கண்டெய்னரின் எடையை வாடிக்கையாளர் தப்பாகக் கொடுத்து, கப்பலைத் தவறவிடும் நிலை. செரீனா சாப்பிடக்கூடப் போகாமல் கப்பல் கம்பெனியோடு போனிலேயே மல்லுக்கு நின்று, கெடு நேரத்தைத் தள்ளி வாங்கி, எடையைத் திருத்திக் கொடுத்தாள். சரக்கு ஏறியது. அன்றைக்குக் கிரிகரி எழுதியது இதுதான்: இவ்வளவு கூத்துக்கும் பிறகு கண்டெய்னர் ஏறிவிட்டது. அதற்குக் கீழே தடித்து, கோடிட்டு, WELL DONE SERENA. நகல், ராஜன் முதற்கொண்டு ஆபீசில் எல்லாருக்கும்.

"இவ்ளோ கூத்து பண்ணிட்ட, ரொம்ப நல்லா இருக்கு போன்னு நீங்க எல்லார் முன்னாடியும் குத்திக்காட்டுறீங்கன்னு நினைச்சேன்," என்றாள் செரீனா. "பாத்ரூம்ல போய் அழுதேன். அதுக்கப்புறம் உங்க பேரு ஸ்கிரீன்ல வந்தாலே மெயிலைத் திறக்கப் பயமா இருக்கும்."

திட்டியதாக அவள் சொல்லியிருந்தால் கிரிகரி மன்னிப்புக் கேட்டிருப்பார். இது அவர் மனசாரப் பாராட்டியது. எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் அனுப்பினார், ஒருத்தர் கண்ணுக்கும் தப்பக் கூடாது என்றுதான் தடித்த எழுத்தாக்கினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய், "ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா டோரிஸ், தங்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

"ஐயோ மகளே, அது பாராட்டும்மா," என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஆபீசில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்ற இடத்திலேயே சொன்னார். "அன்னிக்கி நீ செஞ்சத இத்தன வருஷத்துல நான் யாரும் செஞ்சு பாத்ததில்ல. நானா இருந்தா கண்டெய்னரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். நீ விடலையே!"

செரீனா கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பிறகு எழுந்து ராஜனின் அறைக்குள் போய், கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து நாலாக மடித்துப் பையில் போட்டாள்.

"கப்பலோட கெடு நேரத்தை மட்டும் போல்ட் பண்ணுங்க அங்கிள். அது தப்பினா கப்பல் போயிடும். மத்ததெல்லாம் சும்மா சின்ன எழுத்துல எழுதுங்க."

"சரிம்மா. அப்படியே பண்றேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கே ஒரு போன் போட்டு இதச் சொல்லியிருக்கலாமே அங்கிள்?"