வடக்குப் பார்த்த பால்கனிக்கு ரோஜா வேண்டாம்

மருமகள் வேலியோரம் நின்று சிரிப்பதைச் சர்வமங்களா பார்த்தது வியாழக்கிழமை சாயங்காலம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ஸ்ருஜனா. அந்தப் பக்கம் உமாதேவி. ஸ்ருஜனா கைபேசியைக் கம்பி வழியே நீட்டினாள். உமாதேவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எதையோ படித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சர்வமங்களா குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். காலடியில் தண்ணீர் குளம் கட்டியது.

உமாதேவி அவளுக்கு ஓரகத்தி. கணவரின் தம்பி மனைவி. பெங்களூருக்கு வெளியே, ஹெஸரகட்டா சாலையில், மாமனார் வைத்த நர்சரி ஒன்றாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு பாகம் பிரித்தார்கள். வெட்டவெளி நிலம் மூத்தவருக்கு. பச்சை வலைப் பந்தல் போட்ட பகுதி இளையவருக்கு. வெயில் வேண்டிய ரோஜாவும் காகிதப்பூவும் அடீனியமும் சர்வமங்களா பக்கம் தங்கின. நிழலில் வளரும் இலைச்செடிகளெல்லாம் பந்தலோடு போயின. பேச்சும் அன்றோடு போனது. எதிரெதிரே வந்தால் இரண்டு பேருக்குமே வானத்தில் பார்க்க ஏதாவது இருந்துவிடும்.

அப்படி இருக்கும்போது இந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன சிரிப்பு?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தள்ளுபடி விற்பனை. நர்சரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ஸ்ருஜனாதான். படம் எடுப்பதும் அதன் கீழே நாலு வரி எழுதுவதும் அவள் வேலை. போன விற்பனைக்கு மட்டும், பண்டிகை நேரம் என்பதால், சர்வமங்களா பக்கத்தில் உட்கார்ந்து தானே சொல்லச் சொல்ல எழுத வைத்தாள். 'எந்த பால்கனியிலும் பூத்துக் குலுங்கும்' என்பது அவள் வரி. ரோஜா ஒரே நாளில் காலியானது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகன் மல்லேஷின் கைபேசியை வாங்கி நர்சரிப் பக்கத்தைத் திறந்தாள். புதுப் படம் வந்திருந்தது. கீழே கன்னடத்தில் இப்படி இருந்தது:

'சனி, ஞாயிறு எல்லாச் செடிகளுக்கும் இருபது சதவீதம் தள்ளுபடி. வாங்கும் முன் உங்கள் பால்கனியை ஒரு நாள் பாருங்கள். நேர் வெயில் ஐந்து, ஆறு மணி நேரம் விழுந்தால் ரோஜா, காகிதப்பூ, அடீனியம் எடுங்கள். வடக்குப் பார்த்த பால்கனிக்கு ரோஜா வேண்டாம், பூக்காது. பாம்புக் கற்றாழை, மணி பிளான்ட் போதும். கடிகாரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.'

சர்வமங்களா ரோஜா வரியில் நின்றாள். மறுபடி படித்தாள். விற்பனை நம்முடையது. வேண்டாம் என்பது நம் ரோஜாவை. போதும் என்கிற செடிகள் யார் பந்தலில் இருக்கின்றன?

"என்னம்மா, அப்படி உத்துப் பாக்கறீங்க?" என்றான் மல்லேஷ்.

"உன் பெண்டாட்டி எழுதினதைப் படிச்சியா?"

"நல்லாத்தானே எழுதியிருக்கா."

"நல்லாத்தான் எழுதியிருக்கா. யாருக்கு நல்லாங்கறதுதான் கேள்வி."

அவன் புரியாமல் சிரித்துவிட்டுப் படுக்கப் போனான். சர்வமங்களாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். போன வாரம் வீட்டுக்கு அவரைக்காய் வந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு ஸ்ருஜனா, "தோட்டத்துல காய்ச்சது" என்றாள். எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. அவரைக்கொடி இருப்பது உமாதேவி பக்கம் மட்டும்தான். வாடிக்கையாளர் வந்தால் முதல் வார்த்தையாக, "உங்க பால்கனி எந்தத் திசை?" என்கிறாள். பெண் பார்க்க வந்த மாதிரி திசை, வெயில், காற்று எல்லாம் விசாரிக்கிறாள். பாதிப் பேர் வெறுங்கையோடு போகிறார்கள். போகிறவர்கள் வலது பக்கம்தான் திரும்புகிறார்கள். அந்தப் பக்கம் உமாதேவியின் வாசல்.

மறுநாள் ஸ்ருஜனா குளிக்கப் போயிருந்தபோது நர்சரிக் கைபேசி மேசை மேல் கிடந்தது. எழுதியதைத் திருத்துவது எப்படி என்று போன விற்பனையின்போதே சர்வமங்களா பக்கத்திலிருந்து பார்த்திருந்தாள். ரோஜா வேண்டாம் என்ற வரியையும் அடுத்த வரியையும் அழித்தாள். அந்த இடத்தில் ஒரு விரலால் தட்டித் தட்டிச் சேர்த்தாள்: 'எங்கள் ரோஜா எந்த பால்கனியிலும் பூக்கும்.' கைபேசியை இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டு அடுப்பில் ரவை உப்பிட்டு கிளறப் போனாள். நம் கடை, நம் செடி, எனக்கென்ன பயம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையிலேயே கார்கள் வரிசை கட்டின. சர்வமங்களா பணம் வாங்கும் மேசையை விட்டு அசையவில்லை. அங்கிருந்து மருமகளின் முதுகும் வேலியும் வாசலும் ஒருசேரத் தெரியும்.

முதல் சண்டை ஒரு கணவன் மனைவிக்குள் வந்தது. கணவர் கைபேசியைக் காட்டினார். "நான் வியாழக்கிழமையே படம் பிடிச்சு வெச்சேன். வடக்குப் பால்கனிக்கு ரோஜா வேண்டாம்னு போட்டிருக்கு."

"இப்போ பாருங்க, எந்த பால்கனியிலும் பூக்கும்னு போட்டிருக்கு," என்று மனைவி தன்னுடையதைக் காட்டினாள்.

கணவர் ஸ்ருஜனா பக்கம் திரும்பினார். "ஏம்மா, ரெண்டு நாள்ல ரோஜா மனசு மாறிடுச்சா?"

ஸ்ருஜனா இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "இது நான் எழுதலை சார். முதல்ல இருந்ததுதான் சரி. உங்களுக்கு ரோஜா வேண்டாம்." பிறகு மல்லேஷைத் தனியே இழுத்துப் போனாள். "நம்ம பக்கத்துக்குள்ள யாரோ புகுந்திருக்காங்க. கடவுச்சொல்லை மாத்தணும்."

மல்லேஷ் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். சர்வமங்களா சில்லறையை அடுக்கினாள்.

அந்தக் கணவனும் மனைவியும் ஸ்ருஜனாவிடம் ஏதோ கேட்டார்கள். அவள் கையை நீட்டி வழி காட்டினாள். வலது பக்கம்.

அதற்கு மேல் சர்வமங்களாவால் உட்கார முடியவில்லை. மேசையை மல்லேஷிடம் விட்டுவிட்டு எழுந்தபோது, வாசலில் வயதான ஒருவர் ஒரு தொட்டியோடு குறுக்கே வந்தார். தொட்டியில் குச்சி மட்டும் இருந்தது. இலை ஒன்று கூட இல்லை.

"போன விற்பனையில வாங்கினது. எங்க பால்கனியில வெயிலே கிடையாது. எதிர்ல இன்னொரு கட்டடம். எந்த பால்கனியிலும் குலுங்கும்னீங்க. இதைக் குலுக்கித்தான் பாக்கணும்."

ஸ்ருஜனா ஓடி வந்து தொட்டியை வாங்கி, நகத்தால் குச்சியைக் கீறினாள். உள்ளே பச்சை தெரிந்தது. "உயிர் இருக்கு சார். இங்க வெயில்ல வெச்சுத் தேத்தறேன். பதிலுக்கு நிழல் தாங்கற செடி தரேன்."

அவரை உட்கார வைத்துவிட்டு மாமியாரை நெருங்கினாள். குரல் தணிந்திருந்தது. "இவர் ஒருத்தர் இல்லை அத்தே. ஒரு மாசமா கைபேசியில திட்டு வந்துக்கிட்டே இருக்கு. உங்ககிட்ட காட்டலை."

"என்கிட்ட காட்ட மாட்டே. வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுவே."

ஸ்ருஜனா திடுக்கிட்டாள்.

"எல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றாள் சர்வமங்களா. "வர்றவங்களை அங்க அனுப்பறே. அவ செடியை விக்க நம்ம பக்கத்துல எழுதறே. அவரைக்காய்க்கு விலை போயிட்டியா?"

"அத்தே, அப்படி இல்லை..."

"எப்படி?"

ஸ்ருஜனா பதில் சொல்லும் முன் வாசலில் ஓர் இளைஞன் எட்டிப் பார்த்தான். "வெயில்செடி விக்கிற தோட்டம் இதுதானா? பக்கத்துல ஒரு அம்மா இங்க போகச் சொன்னாங்க. எங்க மொட்டை மாடிக்கு வரிசையா காகிதப்பூ வேணும்."

"எந்த அம்மா?" என்றாள் சர்வமங்களா.

"பச்சை வலை போட்ட இடம். அவங்க பக்கத்துலயே போட்டிருந்ததே." கைபேசியைத் திருப்பிக் காட்டினான்.

உமாதேவியின் நர்சரிப் பக்கம் அது. சர்வமங்களா ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. பீஸ் லில்லி என்ற நிழல்செடியின் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'மேற்கு வெயில் நேராக விழும் பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும் எங்கள் இலைச்செடிகள் வேண்டாம், கருகிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் ரோஜாவும் காகிதப்பூவும் நன்றாக இருக்கும். அங்கே கேளுங்கள்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். எங்கே சூது என்று மூன்றாம் முறையும் தேடினாள். அகப்படவில்லை. அகப்படாததே சந்தேகமாக இருந்தது.

நேரே வேலிக்குப் போனாள். உமாதேவி அந்தப் பக்கம் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வானத்தைப் பார்க்க நேரமில்லாமல் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

"எதுக்கு எங்க செடியைப் பத்தி எழுதினே?"

உமாதேவி கை மண்ணைத் தட்டினாள். "வெயில்ல வெக்கிறேன்னு வர்றவனுக்கு பீஸ் லில்லியைக் கொடுத்தா, பத்து நாள்ல கருகிப்போச்சுன்னு வந்து நிப்பான். திட்டு எனக்கு. அதான் உங்ககிட்ட தள்ளிவிட்டேன்."

"இதுல உனக்கு என்ன லாபம்?"

"உங்க மருமக நிழல் பால்கனிக்காரங்களை இங்க தள்ளிவிடறா. அதான் லாபம்." சற்று நிறுத்தினாள். "அக்கா, நீங்க என்னைத் திட்டறதுன்னா திட்டிக்கிட்டே இருங்க. செடி என்ன பண்ணுச்சு?"

"அக்கான்னு கூப்பிடாதே."

"சரி, கூப்பிடலை. பழைய ரோஜாத் தொட்டியோட ஒருத்தர் வந்தாரே, அவருக்கு என்ன வேணும்?"

சர்வமங்களா திரும்பிப் பார்த்தாள். கிழவர் நாற்காலி நுனியில் காத்திருந்தார். அவருக்குத் தன் பக்கத்தில் கொடுக்க ஒன்றுமில்லை. நிற்பதெல்லாம் வெயில் கேட்கிற செடி.

"நிழலுக்கு ஏதாவது," என்றாள் கடைசியில். சொல்ல வலித்தது.

உமாதேவி பாம்புக் கற்றாழை ஒன்றை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள். "தண்ணி ரொம்ப ஊத்த வேண்டாம்னு சொல்லுங்க. அழுகிடும்."

"எனக்குத் தெரியும்," என்று சர்வமங்களா வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

கிழவர் போன பிறகு மருமகளிடம் வந்தாள். சுற்றிலும் ஆள் இருந்தது, குரலைத் தாழ்த்தினாள். "கடவுச்சொல்லை மாத்த வேண்டாம். யாரும் புகலை. நான்தான் அழிச்சேன்."

"தெரியும் அத்தே."

"எப்போ தெரியும்?"

"உங்க பிள்ளை உங்களைத் திரும்பிப் பாத்தாரே, அப்பவே."

சர்வமங்களாவுக்கு எரிச்சலும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்தான். அதுக்காகச் சொல்லாம இருப்பியா?"

ஸ்ருஜனா தலை குனிந்தாள். "அது தப்புதான். அவரைக்காய் விஷயமும் சொல்லியிருக்கணும்."

"சரி, அந்த வரியைத் திரும்பப் போடு. கூடவே இன்னொண்ணும் சேத்துக்கோ. வீட்டுக்குப் போனதும் தொட்டி மாத்தாதீங்க, உரம் போடாதீங்க, ஒரு வாரம் புது இடத்துக்குப் பழக விடுங்கன்னு போடு. அதை எழுதாம விட்டுட்டே."

ஸ்ருஜனா எழுதினாள். சர்வமங்களா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்து சமையலறை ஜன்னலுக்குச் செடி கேட்டாள். வெயில் எட்டாத ஜன்னல். சர்வமங்களா சுற்றுமுற்றும் பார்த்தாள். மருமகள் தூரத்தில் இருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வலது பக்கம் போங்க, பச்சை வலை," என்றாள்.

அந்தப் பெண் போனாள். சர்வமங்களா வேலியோரம் நகர்ந்து, களை பிடுங்குகிற மாதிரி குனிந்துகொண்டு, உமாதேவி அவளிடம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்தாள். சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கினாள்.