எருமைக்காட்டுப் பேட்டரி

தெய்வாத்தாளுக்குக் கோபம் வந்தால் வாய் அடங்கிவிடும், கை எழுத ஆரம்பித்துவிடும். ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு அதற்குத் தாராளமாகப் போதும். ஊத்துக்குளிக்குத் தெற்கே எட்டு எருமைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்க்கிறவளுக்குச் சண்டை போட நேரமும் ஏது? அந்த ஆனி மாசம் அவள் எழுதிய கடிதம் இது.

"திருப்பூர் பேட்டரிக் கடை அலாவுதீன் அவர்களுக்கு. மின்சார வேலிக்கென்று தாங்கள் கொடுத்த பேட்டரி மாசியில் வாங்கியது. முதலில் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் இருபது நாள் நின்றது. பிறகு பத்து நாள். இப்போது நாலாம் நாளே படுத்துக்கொள்கிறது. பழைய பேட்டரிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து என் தலையில் கட்டிவிட்டீர்கள். இதன் நகல் பேட்டரி செய்யும் கோயமுத்தூர்க் கம்பெனிக்கும் போகிறது."

கடைசி வரியை எழுதும்போது அவளுக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கிளுவை வேலி காய்ந்து ஓட்டை விழுந்த பிறகு, கால்நடைக் கண்காட்சியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது அந்த மின்சார வேலி. பேட்டரியிலிருந்து ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து கம்பி. பெட்டி நொடிக்கொரு தரம் கம்பிக்குள் ஒரு சுண்டு சுண்டும். தொட்ட எருமை துள்ளிப் பின்வாங்கும், சாகாது. வேலிக்கு இந்தப் பக்கம் எருமைகளின் மேய்ச்சல் காடு, அந்தப் பக்கம் சென்னியப்பனின் சோளக்காடு. மழை ஏமாற்றியதில் சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. வாடின இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். போன வருசம் சென்னியப்பனின் சொந்தப் பசுவே நாலு வாய் கடித்துவிட்டு, வைத்தியரைக் கூட்டிவருவதற்குள் கால் உதறிச் செத்துப் போனது. எருமைகளைக் கட்டிப் போடலாம் என்றால் தின்னப் போட ஒரு கட்டுச் சோளத்தட்டுகூட மிச்சமில்லை. ஆகவே அவளுக்கும் எட்டு எருமைச் சாவுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பேட்டரி மட்டும்தான்.

பதில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆளே வந்தார். பழைய வேனைக் களத்தில் நிறுத்திவிட்டு இறங்கிய அலாவுதீன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கடுதாசி கிடைச்சுதுங்க அம்மணி. பேட்டரியப் பாக்கலாமுங்களா?"

"பாருங்க பாய். நேத்துத்தான் சார்ஜ் ஏத்தி வந்துது. அதுக்குள்ள பெட்டி முனகுது."

தெய்வாத்தாளின் தம்பி மணியன் அன்றைக்கு வீட்டில் இருந்தான். பெருமாநல்லூரில் பனியன் துணிக்கு நீராவி அடிக்கும் கம்பெனியில் பாய்லர் பார்க்கிற வேலை அவனுக்கு. அக்காளுக்குத் துணையாக மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றான்.

அலாவுதீன் ஆறு மூடிகளையும் திருகி எடுத்தார். பம்பு வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆசிடை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் முள்ளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஆறிலும் முள் அமுங்கித்தான் கிடந்தது. சார்ஜ் ஏற்றியும் ஆசிட் கெட்டியாகவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"தகடெல்லாம் வெளுத்துக் கெடக்குது. குறையறப்போ என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"நீங்க குடுத்த பாட்டில் தண்ணிதான். அது தீந்ததுக்கப்பறம் இவன் கொண்டாந்து குடுத்தான்."

"டிஸ்டில் வாட்டருங்க" என்றான் மணியன். "எங்க பாய்லர்ல இருந்து புடிச்சது. நாளெல்லாம் கொதிக்கிற தண்ணி, அதுல என்ன அழுக்கு இருக்கப் போகுது?"

"ஆவி ஆறி வர்ற கொழாய்ல புடிச்சியா கண்ணு, அடிக் கொழாய்லயா?"

"அடியிலதாங்க. அங்கதான் சுலுவா வரும்."

அலாவுதீன் மணியனின் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் நாலு சொட்டு விட்டார். சொய்யென்று தண்ணீர் போனது. போன இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் தடம் நின்றது. வேனிலிருந்து தன் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் நாலு சொட்டு விட்டார். கல் சுத்தமாகக் கிடந்தது.

"ஆவியாப் போறதுதான் சுத்தத் தண்ணி. உப்பும் பாய்லருக்குப் போடற சோடாவும் போகாது, உள்ளயே தங்கித் தங்கி அடியில கெட்டியாயிரும். நீங்க மாசாமாசம் அதைத்தான் பேட்டரிக்கு ஊட்டியிருக்கீங்க."

தெய்வாத்தாளுக்கு அவமானத்தில் காது சூடேறியது. பெயிண்ட் அடித்த பேட்டரி என்று எழுதிய கை இதுதானே என்று நினைத்தாள். மணியன் நிமிர்த்திய மார்பை எப்போது இறக்கினான் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், காட்டுப் பக்கம் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

பரிசோதிக்கப் பேட்டரியைக் கழற்றியதில் வேலியில் பேருக்கு இருந்த உயிரும் போய்விட்டிருந்தது. மூத்த எருமை கம்பியை மூக்கால் முகர்ந்தது. ஒன்றும் சுண்டவில்லை. கழுத்தைக் கொடுத்து முட்டியது. கம்பி தாங்கிய மரக்குச்சி ஒன்று சாய்ந்தது. நிறைசினையாய் இருந்த இளையது அதன் பின்னாலேயே வந்து நின்றது.

தெய்வாத்தாள் தடியை எடுத்துக்கொண்டு ஓடினாள். புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்தது, நிற்கவில்லை. மணியன் சோளக்காட்டுப் பக்கமாகச் சுற்றி ஓடினான். மூத்தது முன்கால் இரண்டையும் அந்தப் பக்கம் வைத்து நாக்கை நீட்டியபோது அவள் கையிலிருந்த தடி அதன் மூஞ்சியில் விழுந்தது. பெற்ற பிள்ளையைப்போல வளர்த்ததை அப்படி அடித்தது அதுதான் முதல் தடவை. அது பின்வாங்கியது. உடனே இளையது பத்தடி தள்ளி முட்டியது. மணியன் அங்கே பாய்ந்தான். பசித்த எட்டு வாய்களை இரண்டு பேர் எத்தனை நேரம் தடுக்க முடியும்?

திடீரென்று மூத்த எருமை துள்ளிப் பின்னால் போனது. வாலைத் தூக்கிக்கொண்டு மேய்ச்சல் காட்டின் நடுவுக்கே ஓடியது. அடுத்தது கம்பியைத் தொட்டது, அதுவும் ஓடியது.

திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் அலாவுதீன் குந்தியிருந்தார். வேனின் முன்மூடி திறந்து கிடந்தது. அதிலிருந்த பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க ஆசிட் தெறித்துப் பொத்தல் விழத் தொடங்கியிருந்தது.

சாய்ந்த குச்சியை நட்டு, கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு வந்த தெய்வாத்தாள், மூச்சு இரைக்க அவர் முன்னால் நின்றாள்.

"தப்பு எங்க பக்கமுங்க பாய். எழுதக் கூடாததை எழுதிப்போட்டேன். புதுசா ஒண்ணு நானே வாங்கிக்கிறேன். நாளைக்கே உங்க கடைக்கு வர்றேன்."

அலாவுதீன் கையைத் துண்டில் துடைத்தார்.

"எங்கிட்ட வாங்க முடியாதுங்க அம்மணி. உங்க நகல் போன மூணாம் நாளே கம்பெனி ஏஜென்சிய எடுத்துட்டாங்க. பழசப் புதுசாக்கி விக்கிறவன்னு பேராயிருச்சு."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

"நான் குடுத்த பேட்டரி எப்படிச் செத்துதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமுங்களா? ராத்திரி தூக்கம் புடிக்கல."

"நானே கோயமுத்தூர் போயிச் சொல்றேன். அவங்க கால்ல வேணாலும் விழுகறேன்."

"வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அவரும் கடை தொறந்துட்டார்."

மணியனை மோர் கொண்டுவரச் சொன்னாள். அலாவுதீன் வேண்டாமென்று சொல்லவில்லை, நின்றபடியே குடித்தார். வேன் களத்தில் இருக்கட்டும், வேறு பேட்டரி கிடைத்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் பக்கம் நடக்கத் தொடங்கினார். அவர் வரப்பு தாண்டிப் போகும்வரை தெய்வாத்தாள் அந்த வேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.