ஒன்பதாம் கட்டத்தில் சிக்கியவர்

“அப்போ எப்போடீ கேட்கப்போறே?”

“கேம் நல்லா ஓடட்டும்க்கா. அப்புறம் நானே போய்க் கேட்கறேன்.”

“ஓடலேன்னா?”

“ஏன்க்கா வாயை வைக்கறே?”

மொட்டை மாடியில் ஈரத் துணியை உதறிக்கொண்டே அக்காவும் தங்கையும் இப்படிப் பேசியது போன வருடம். கேட்க வேண்டிய ஆள் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவரைப் பார்த்தால் போதும், வீட்டில் பொடிசு என்று பெயர் வாங்கிய தங்கைக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்துவிடும். வேலையை விட்டுவிட்டு மேல் அறையில் தனியாக உட்கார்ந்து கேம் செய்பவள், கையில் ஒரு வெற்றி இல்லாமல் எந்த முகத்தோடு போய் ஒருவரைக் கேட்பது என்பது அவள் கட்சி.

கேம் வந்தது. ‘வீடு மாத்தலாம் வா’ என்று பெயர். கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் நேரம் முடிவதற்குள் ஒரு லாரிக்குள் அடுக்க வேண்டும். வந்த வேகத்தில் கிணற்றில் போட்ட கல்லாகவும் ஆனது. ஆறு மாதத்தில் அது சம்பாதித்ததை வைத்து அக்கா குடும்பத்துக்கு ஒரு வேளை டீ வாங்கலாம், பிஸ்கட் கேட்கக் கூடாது.

சரி, விழுந்ததையாவது ஒழுங்காக எழுதி வைப்போம் என்று தன் வலைப்பதிவில் ஒரு கட்டுரை போட்டாள். தன்னைப் போலத் தனியாகக் கேம் செய்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான். கேம் எங்கே செத்தது என்பதை மறைக்காமல் சொன்னாள். புதிதாக வருபவர்களை விரட்டக் கூடாது என்று விளம்பரங்களைப் பத்தாம் கட்டத்திலிருந்துதான் வைத்திருந்தாள். வருமானம் என்பதே அந்த விளம்பரங்கள்தான். ஆனால் ஒன்பதாம் கட்டத்தில் பீரோவைத் திருப்பி வைப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே முட்டி மோதிவிட்டுப் போய்விட்டார்கள். வாசலைச் சாத்திவிட்டு உள்ளே கல்லாவைத் திறந்து வைத்த கதை.

கடைசியில் இன்னொரு குறையையும் சேர்த்திருந்தாள். “ஆட்டத்தின் நிலையைச் சர்வரில் சேமிக்கும் வசதி இல்லை. கேமை நீக்கிவிட்டு மறுபடி போடுபவர்கள் முதலிலிருந்து ஆட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் இதனால் மிகவும் சிரமப்பட்டார்.”

அந்த ஒருவர் கண்ணாடிக்கடைக்காரர். “மேடம், போன்ல இடமே இல்லை. உங்க கேமை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன், மறுபடியும் அந்தப் பீரோகிட்ட வந்து நிக்கறேன்” என்று வாரம் தவறாமல் மாடியேறி வந்துவிடுவார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக் காட்டுவாள். அக்கா டீ கொண்டுவந்து வைப்பாள், வைத்த பிறகும் போகாமல் நிற்பாள்.

மறுநாள் கட்டுரைக்குக் கீழே, கேம் செய்யும் ஒருவர் கேட்டிருந்தார்: “எல்லாரும் ஒன்பதில் விழுகிறார்கள் என்பது முதல் வாரமே உங்கள் புள்ளிவிவரத்தில் தெரிந்திருக்கும். நேரத்தைக் கூட்ட ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதுமே. ஏன் மாற்றவில்லை?”

பொடிசு அதைப் படித்துவிட்டு நகத்தைக் கடித்தாள்.

“நல்லா கேட்டான்” என்றாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அக்கா. “பதில் போடு.”

“கவனக்குறைவுன்னு போட்டுடறேன்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதேடீ. நேரத்தைக் கூட்டிட்டா அவர் தானா ஜெயிச்சுடுவார், அப்புறம் மாடிக்கு வரமாட்டார். அதுக்காக ஊரையே பீரோகிட்ட நிக்க வச்சிருக்கே!”

“கத்தாதேக்கா, கீழே கேட்கும்!”

“கேட்கட்டும்னுதான்.”

அக்காவின் வாயை அடைக்க ஒரே வழி வேலை செய்வது. சேமிக்கும் வசதி இல்லாததால் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று ஒரு வரைபடம் போட்டுக் கட்டுரையில் சேர்க்கலாம் என்று புள்ளிவிவரத்தைத் திறந்தாள். அதில் ஆடுபவர்களின் பெயர் தெரியாது. ஒவ்வொரு நிறுவலுக்கும் ஓர் அடையாள எண், போனின் மாடல், என்ன செய்தார்கள் என்பது மட்டும்தான். கேமை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் புது எண் வந்துவிடும்.

அவருடையது யாரிடமும் இல்லாத பழைய மாடல் போன். மெதுவான போனில் கேம் ஓடுகிறதா என்று அவளே அதை அவரிடம் இரவல் வாங்கிச் சோதித்திருக்கிறாள். அந்த மாடலைத் தேடினாள். ஒரே ஓர் எண் வந்தது. முதல் நாளிலிருந்து இன்றுவரை அதே எண்.

அப்படியானால் அவர் கேமை ஒருமுறைகூட நீக்கவே இல்லை.

பிறகு எப்படி முதலிலிருந்து ஆடினார்? நிகழ்வுகளை வரிசையாகப் பார்த்தாள். ஒன்பதாம் கட்டம் வெற்றி. ‘எல்லாவற்றையும் அழி.’ ஒன்பதாம் கட்டம் வெற்றி. ‘எல்லாவற்றையும் அழி.’ கேமின் செட்டிங்ஸுக்குள், யார் கண்ணிலும் படாத மூலையில் அவள் வைத்த பொத்தான் அது. அவரைத் தவிர உலகத்தில் ஒருவரும் அதைத் தொட்டிருக்கவில்லை. அதற்கும் மேலே, அவள் அடுக்கிக் கொடுக்காமல் அவராகவே ஒன்பதை வென்ற நாட்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

“அக்கா!”

“என்னடீ, கரண்ட் அடிச்ச மாதிரி?”

பொடிசு திரையைக் காட்டினாள். அக்கா படித்தாள், மறுபடி படித்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆத்தாடி! நீ பூட்டு போட்டா, அவர் சாவியைத் தூக்கி எறிஞ்சிருக்காரு. நல்ல ஜோடிதான். போடீ கீழே!”

“கேம் ஓடலையேக்கா...”

“கேம் எதுக்கு ஓடணும்? நீ ஓடு.”

லேப்டாப்பை மூடாமலேயே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கடையில் அவர் ஒரு பிரேமின் காலில் திருகு மாட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் திருகு கைநழுவி எங்கோ உருண்டது.

“மேடம், உங்க கட்டுரையைப் படிச்சேன். ரொம்ப நல்லா...”

“சிரமப்பட்ட ஒருத்தரைப் பத்தி எழுதியிருந்தேனே, அதையும் படிச்சீங்களா?”

அவர் தரையில் திருகைத் தேடத் தொடங்கினார்.

“எழுந்திருங்க. அந்தப் பொத்தானை அமுக்கினா, ‘நிஜமாவே அழிக்கட்டுமா’ன்னு ரெண்டு தடவை கேட்குமே?”

“கேட்டுச்சு.” மேசைக்கடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “ரெண்டு தடவையும் ஆமான்னேன்.”

“ஒவ்வொரு வாரமுமா?”

“நீங்க பக்கத்துல உக்காந்து அடுக்கித் தர்றது ஒன்பதுல மட்டும்தானே மேடம்? பத்துக்குப் போய் நான் விளம்பரமா பார்க்கறது?” மெல்ல எழுந்தார். காது சிவந்திருந்தது. “ஆனா ஒண்ணு. கட்டுரைக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருக்காரே, ஒரே ஒரு எண்ணை ஏன் மாத்தலேன்னு. எனக்கும் அது புரியலை.”

“நேரத்தைக் கூட்டிட்டா நீங்க மேலே வரமாட்டீங்களேன்னுதான்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்கள். கண் பரிசோதனைக்குக் காத்திருந்த பெரியவர், கையிலிருந்த பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்தார். மாடிப்படியில் அக்காவின் வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது.

பொடிசு லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். அவர் வென்று வென்று அழித்த பட்டியல் அதில் இன்னும் திறந்தே இருந்தது. கேட்பதற்கு வேறெந்த வெற்றியும் வேண்டியதில்லை என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கொழுக்கட்டை எப்போது கரைந்தது என்றே தெரியவில்லை.

“இது ரெண்டு தடவை கேட்காது, ஒரு தடவைதான். யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள். “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”