இருபத்தொரு வராகன்

பரமத்தி வேலூர்ப் பக்கத்து ஜனங்கள் மிளகாயை ரூபாய்க் கணக்கில் விற்பார்கள், மாட்டை ரூபாய்க் கணக்கில் வாங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் பரியத்தைப் பேசும்போது மட்டும் வராகனுக்குப் போய்விடுவார்கள். ராஜா காலத்துப் பொற்காசான அந்த வராகனைக் கண்ணால் கண்டவன் ஊரில் ஒருத்தனும் கிடையாது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குப் பண்ணி, ரூபாயை எடுத்து வைப்பார்கள்.

சென்னியம்மாள் தன் மகன் மணியனுக்காக அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தாள். வெற்றிலை விற்ற காசில் ராணி தலை போட்ட வெள்ளி ரூபாயாகப் பார்த்துப் பொறுக்கிக் குதிருக்கடியில் ஒரு கலயத்தில் புதைத்திருந்தாள். புருஷன் போன பிறகு அந்தக் கலயம்தான் அவளுக்குத் துணை. கொடிக்கால் நிழலில் மத்தியானம் கண் அசந்தால், ஈர மண்ணுக்குள் ராணிகள் வரிசையாகப் படுத்துத் தூங்குவது தெரியும். பல்லக்கு வரும், மருமகள் இறங்குவாள், முகம் மட்டும் தெரியாது. விழித்தால் வெற்றிலைக்கொடி அசைந்துகொண்டிருக்கும். அந்தக் கிறக்கம் சாயங்காலம் வரை தீராது.

அந்த முகம் எருமப்பட்டியில் கிடைத்தது. காளியப்பன் மகள் பூவாத்தாள். யுத்தம் தொடங்கி நாலாம் வருஷம், மாசியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பரியத் தட்டோடு வண்டி கட்டிப் போனார்கள். வைத்த தட்டு குறையோடு திரும்பினால் சம்பந்தம் முறிந்ததென்று அர்த்தம். யாரும் சண்டை போட வேண்டியதுகூட இல்லை.

உறவுகள் சுற்றி உட்கார்ந்திருக்க, எழுபத்து மூன்று முழு ரூபாயும் ஓர் அரை ரூபாயும் தட்டில் மின்னின. பெண்ணின் தாய்மாமன் அப்புசாமி ஒன்றை எடுத்துப் புரட்டினான். நெல் வியாபாரி, காசைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

"ஏனுங்க, இது ராணி காசுங்களே. செல்லாதுன்னு சர்க்கார்ல தமுக்குப் போட்டு ரெண்டு வருசமாச்சுங்களே!"

சென்னியம்மாளுக்குக் காது அடைத்துக்கொண்டது. தமுக்கு வேலூர்ச் சந்தையிலும் அடித்துத்தான் இருப்பார்கள். புதையல் வைத்திருப்பதை எவரிடமும் மூச்சு விடாதவளிடம், உன் காசை மாற்றிக்கொள் என்று எவர் வந்து சொல்வார்? கலயத்தை ஒளித்தவள் தன் காதையும் சேர்த்துப் புதைத்துவிட்டாள், பாவம்.

"போனாப் போவுது, ரூவாய்க்குப் பன்னெண்டணா மேனிக்கு நான் எடுத்துக்கிறனுங்க" என்றான் அப்புசாமி, தர்மப் பிரபு மாதிரி.

ஐம்பத்தைந்து ரூபாய்ச் சொச்சம் தேறும். மீதிக்கு வேலூரில் கடன் வாங்கித் திரும்புவதற்குள் நல்ல நேரம் போய்விடும். மணியன் தலை குனிந்திருந்தான். கதவிடுக்கில் பூவாத்தாளின் சேலைத் தலைப்பு தெரிந்தது, நகரவே இல்லை. அவமானத்தில் சென்னியம்மாளுக்கு அழுகை வர வேண்டியது. கோபம்தான் வந்தது.

"வராகனை இங்க யாருங்க பாத்திருக்கீங்க? இல்லாத காசுல பேசலாம், இருக்கிற காசுல குடுத்தா மட்டும் ஆகாதுங்களா?"

காளியப்பன் நல்ல மனுஷன், மெல்லச் சொன்னார்:

"நாயந்தானுங்க அம்மிணி. ஆனா நாளைக்கு அரிசிக்காரன்கிட்ட இதை நீட்டினா வாங்க மாட்டானே. நாக்குல எதை வேணா எண்ணலாம், கடையில செல்லறது வேணுமுங்களே." பிறகு திண்டாடியபடி உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "கந்தப்பா! தராசு எடுத்தாந்தியா?"

பெண்ணின் நகைக்கு அளவெடுக்க வந்திருந்த தட்டான் கந்தப்பன் வெளியே வந்தான். காசுகளைத் தரையில் தட்டிச் சத்தம் கேட்டான், தராசில் ஏற்றினான், கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டான்.

"முழு ரூவா ஒண்ணு ஒரு தோலா எடைங்க. பன்னெண்டுல ஒரு பங்கு கலப்பு, மத்தது சுத்த வெள்ளி. யுத்தத்துல வெள்ளி தோலா ஒரு ரூவா ரெண்டணாவுக்கு ஏறிப்போச்சு. தேய்மானம் போக, மொத்தத்துக்கும் எழுபத்தஞ்சு தாரனுங்க."

"நான் எழுபத்தாறு தாரேன்!" என்றான் அப்புசாமி.

சபையே சிரித்துவிட்டது. காளியப்பன் மச்சினனை ஒரு பார்வை பார்க்க, அவன் வெற்றிலைத் தட்டைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டான்.

சென்னியம்மாள் கந்தப்பனிடமே கொடுத்தாள். நோட்டுகள் தட்டில் ஏறின. காளியப்பன் எண்ணி, மிச்சம் ஒன்றரை ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இருபத்தொரு வராகன், சரியாப் போச்சுங்க" என்றார். சம்பந்தம் முடிந்தது. மணியன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சென்னியம்மாள்தான் கனவில் இருப்பவளைப்போல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் நோட்டுகள் படபடத்தன. இத்தனை வருஷ வாழ்க்கை இத்தனை லேசா? கந்தப்பன் காசுகளைத் துணியில் முடிந்துகொண்டிருந்தான். பெற்ற பிள்ளையைப் பிரிவதுபோல் நெஞ்சு வலித்தது அவளுக்கு.

"அத்தனையும் உருக்கிப்போடுவியா, சாமி?"

"உருக்காமெ? கொலுசுக்கு வெள்ளி எங்க கிடைக்குதுங்க இப்ப?" அவன் தலையால் கதவுப் பக்கம் காட்டினான். "அளவெடுத்தாச்சு. பொறந்த ஊட்டுச் சீருன்னு அவங்கப்பா சொல்லியிருக்காரு. வைகாசியில பாருங்க அம்மிணி, உங்க காசு உங்க ஊட்டுக்கே நடந்து வரும்."