திறந்த கண்ணா, மூடிய கண்ணா

நாகராசு அனுப்பிய படத்தைத் திறந்ததும் சிவரஞ்சனிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவன் மடியில் தங்கச்சி மகள். பக்கத்தில் ஊசியும் கையுமாக ஆசாரி. மூன்று பேர் மேலும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி, யாரோ கலர் ரவையை அள்ளிக் கொட்டியதுபோல.

காதுகுத்துக்குப் போட்டோ எடுக்க இவளைக் கூப்பிடவில்லை. "செல்போன் இருக்கே" என்றார்கள். விடியாத வேளை, குலதெய்வக் கோயில், கரண்ட் போய்விட்டது. விளக்கு வெளிச்சத்தில் நாகராசுவின் தங்கை அன்புமொழி எடுத்த ஒரே படம் இது. அனுபவிக்கட்டும் என்று சிவரஞ்சனி நினைத்துக்கொண்டாள். கந்தர்வக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

படத்தோடு நாகராசுவின் குரல் பதிவும் வந்திருந்தது. "ஏம்மா ரஞ்சனி, ஊசி எறங்குறப்ப நான் கண்ண மூடிட்டேன்னு எங்க மாப்ள ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நான் மூடல. இதக் கொஞ்சம் தெளிவாக்கிக் குடு. பெருசா பிரேம் போட்டு அவரு வீட்டுலயே மாட்டணும்."

முந்திரித் தோப்பில் நல்ல பாம்பையே விரட்டியவன் நாகராசு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த மடிக்குரியவனே பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தால், தங்கச்சி வீட்டுப் படி ஏறும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்குமே. சிவரஞ்சனிக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. பதில் எழுதினாள்:

"அண்ணே, வெளிச்சம் பத்தாததுனால போனு கெடச்சத ஏத்திக் காட்டிருக்கு. அதோட சேந்து வந்ததுதான் இந்தப் புள்ளி. அதக் கொறைக்கலாம். மஞ்சளடிக்கிறதச் சரி பண்ணலாம். மொகத்தக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம். ரொம்பத் தொடச்சா மொகம் மெழுகு பொம்மையாயிரும், அதனால அளவாத்தான் செய்வேன். பாப்பா கைய ஒதறுனதுல கலைஞ்சுபோன வெரலு திரும்ப வராது. பெரிய பிரேமுக்குத் தாங்காது, சின்னதா போட்டா நல்லாருக்கும். ஒங்க கண்ணு இருக்குற எடத்துல வெறும் புள்ளிதான் இருக்கு. தொறந்துருந்துச்சா மூடியிருந்துச்சான்னு எனக்கும் தெரியாது, எந்த மிஷினுக்கும் தெரியாது. மிஷினு ஒரு கண்ண வரஞ்சு குடுக்கும். அது ஒங்க கண்ணு இல்லண்ணே. இது வாட்ஸ்அப்ல சுருங்குன காப்பி. எடுத்த போன்லேருந்து டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் தெரியும். அதுலயும் இருக்குறதுதான் வரும்."

தங்கச்சியிடம் ஒரிஜினலைக் கேட்டால் மாப்பிள்ளை காதுக்குப் போகும். நாகராசு கேட்கவில்லை. ஏதோ ஒரு ஆப்பில் படத்தைப் போட்டு, வந்ததைக் குடும்ப குரூப்பில் ஏற்றிவிட்டான். கண் திறந்துதான் இருந்தது, கோலிக்குண்டு மாதிரி. கூடவே ஆசாரி கையில் ஊசி இருக்கும்போதே குழந்தையின் காதில் ஜிமிக்கி ஆடியது. மாப்பிள்ளை மலையாண்டி சும்மா விடுவாரா? "குத்தாமலே தோடு போட்ட தாய்மாமன்" என்று எழுதி, சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்.

மறுநாள் நாகராசு தொங்கிய முகத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தான். "ஒரிஜினல கேட்டுட்டேன்மா. கொண்டாராங்க. ஆனது ஆகட்டும்."

பின்னாலேயே பைக்கில் அன்புமொழியும் மலையாண்டியும் வந்து இறங்கினார்கள். மலையாண்டிக்கு வெற்றியைக் கண்ணால் பார்க்கிற ஆசை. "போடும்மா, போடு. மச்சானோட வீரத்தப் பாப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சிவரஞ்சனி படத்தைத் திறந்து, முதலில் கலர் புள்ளிகளைக் குறைத்தாள். பிறகு இருண்ட இடங்களில் வெளிச்சத்தை மெல்ல ஏற்றினாள். நாகராசுவின் முகம் தெளிந்தது. இரண்டு கண்ணும் இறுக்க மூடியிருந்தன.

"பாத்தியா!" என்று மலையாண்டி தொடையைத் தட்டினார். நாகராசு தரையைப் பார்த்தான்.  தெரியாத கண்ணாகவே விட்டிருக்கலாமோ என்று சிவரஞ்சனிக்கே தோன்றியது.

"ரஞ்சனிக்கா, அந்தத் தூண் மூலையில என்ன?" என்றாள் அன்புமொழி.

வாட்ஸ்அப் காப்பியில் அங்கே வெறும் கறுப்புதான் இருந்தது. சிவரஞ்சனி அந்த இடத்தில் மட்டும் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். புள்ளிகளும் கூடவே எழுந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு கோடு போட்ட சட்டை தெரிந்தது. மலையாண்டி இப்போது போட்டிருந்த அதே சட்டை. மேலே முறுக்கு மீசை. அதற்கும் மேலே, கண்களை அழுந்தப் பொத்திய இரண்டு கைகள்.

மலையாண்டி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

நாகராசு மெல்லத் தலையை நிமிர்த்தினான். "ஏன் மாப்ள, கண்ணப் பொத்திக்கிட்டு நின்ன நீங்க, எங்கண்ணு மூடுனத எதால பாத்தீங்க?"

அன்புமொழி சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். படத்தில் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது குழந்தை மட்டும்தான்.

மலையாண்டி நாற்காலியை சிவரஞ்சனி பக்கம் நகர்த்தி, குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அந்த மூலைய மறுபடி இருட்டாக்க முடியுமா?"

"அது ரொம்ப சுலுவா முடியும்ணே" என்றாள் சிவரஞ்சனி.

"ஆக்குனீங்கன்னா, இந்த மனுசனுக்கு ராத்திரிச் சோறு கெடயாது" என்றாள் அன்புமொழி. "இருக்குறபடியே போடுங்கக்கா. நடு வீட்டுலதான் மாட்டப்போறேன்."