மைனஸ் இரண்டு ரூட் பை

மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘நிபந்தனை’. யார் எந்தச் சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "அது எப்போ செல்லும்? நிபந்தனை என்ன?" என்று கேட்டு ஆளை ஒருவழி பண்ணிவிடுவார். அந்த மனிதரைத்தான் அவள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள். இருவரும் கணிதப் பேராசிரியர்கள்.

பதவி உயர்வு கிடைத்து அவர் வேறு ஊர்க் கல்லூரிக்குப் போன பிறகு, பேச்சு "சாப்டியா", "சாப்டேன்" என்று தேய்ந்துவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. தினமும் அவள் ஒரு முரட்டுத் தொகையீட்டுக் கணக்கைக் கைப்பேசியில் அனுப்புவாள். அவர் போட்டு அனுப்புவார்.

ரூட் x பெருக்கல் e இன் அடுக்கு மைனஸ் x³, பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை என்று ஒரு நாள் அனுப்பினாள். "x³-ஐ t-ன்னு வை. எல்லாம் சுருங்கி காமா ஃபங்ஷனாகி, காமா அரையில வந்து நிக்கும். ரூட் பை வகுத்தல் மூணு. இதுக்கா பயந்த, பைத்தியம்?" என்று பதில் வந்தது. அந்தப் ‘பைத்தியத்தை’ அவள் நாள் முழுக்க வைத்துக்கொண்டு திரிந்தாள்.

இப்போதெல்லாம் விடை மட்டும் வருகிறது, மொட்டையாக.

அதனால்தான் இன்று துறை அறையில் உட்கார்ந்து வேண்டுமென்றே ஒரு வில்லங்கத்தை அனுப்பினாள். x இன் அடுக்கு மைனஸ் ஒன்றரை; கூடவே e இன் அடுக்கு மைனஸ் x; அதே எல்லைகள். பார்க்க காமா மைனஸ் அரை மாதிரியே இருக்கும். ஆனால் அந்தத் தொகையீடு செல்ல, காமாவுக்குள் இருக்கும் எண் பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இங்கே வளைவு பூஜ்யத்தருகே வானத்துக்கு ஏறிவிடும். பரப்புக்கு அளவே கிடையாது. ‘தூங்கிட்டே போட்டியாடி, நிபந்தனை எங்க?’ என்று அவர் திட்ட வேண்டும். அந்தத் திட்டுக்காக ஏங்கினாள்.

"என்ன மேடம், போனையே முறைச்சிட்டு இருக்கீங்க?" என்றார் எதிர்மேசைக்காரர்.

"ஒரு விடை வரணும் சார்."

"தப்பா வந்தா மார்க்கைக் குறைச்சிடுங்க."

வந்தது. "−2√π. கரெக்டா?"

குறைப்புச் சூத்திரத்தை ஒரு படி கீழே இறக்கியிருக்கிறார். காமா அரை என்பது மைனஸ் அரை பெருக்கல் காமா மைனஸ் அரை. அதைத் திருப்பிப் போட்டால் இதுதான் வரும். முழுக்க அச்சுக்கு மேலேயே ஓடும் வளைவுக்கு மைனஸில் ஒரு பரப்பு! முதலாண்டுப் பையன்கூடச் சிரிப்பான்.

வகுப்புக்கு ஓடும் அவசரமாக இருக்கலாம், காய்ச்சலாகக்கூட இருக்கலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் நிபந்தனை கேட்ட மனிதர் அவர். கணக்கு தப்பியது அவளுக்கு வலிக்கவில்லை; அவள் அனுப்பியதை அவர் பார்க்கவே இல்லை, அதுதான் வலித்தது.

"நிபந்தனை என்னங்க?" என்று தட்டினாள். கேட்டால் மன்னிப்புக் கேட்பார், நாலு நாள் கவனமாகப் போடுவார், அவ்வளவுதான். அழித்தாள்.

"கரெக்ட்" என்று அனுப்பினாள்.

மறுநொடியே ஒரு கட்டைவிரல் வந்தது.